பதிப்பெண் பழையது, திருத்தம் புதியது: ஒரு பிழையின் 18 ஆண்டுகள்

2024 ஜூன் 30 அன்று ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆர்எச்இஎல் 7 இயங்குதளத்துக்கான பத்தாண்டுப் பராமரிப்பு முடிவுக்கு வந்தது. அதன் இலவச இணையான சென்ட்ஓஎஸ் 7-க்கும் அதே நாளில் திருத்தங்கள் நின்றன. மறுநாள், ஜூலை 1 அன்று, குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. சர்வர்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க உலகமெங்கும் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில் ஒரு பிழை இருக்கிறது, கடவுச்சொல் எதுவும் இல்லாமலே அதன் வழியாக ஒருவர் சர்வரின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும் என்றது அந்த எச்சரிக்கை. இணையத்தில் திறந்திருக்கும் 1.4 கோடிக்கும் மேற்பட்ட சர்வர்கள் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்றும் குவாலிஸ் கணக்கிட்டது. பிழைக்கு CVE-2024-6387 என்று எண் கிடைத்தது.

முந்தைய நாள் ஆயுள் முடிந்த ஆர்எச்இஎல் 7-இல் இந்தப் பிழை இல்லை. அதற்கு அடுத்த ஆர்எச்இஎல் 8-இலும் இல்லை. அன்று எல்லாவற்றிலும் புதியதாக இருந்த ஆர்எச்இஎல் 9-இல் இருந்தது. உபுண்டுவில் 20.04 தப்பியது, 22.04 மாட்டியது. டெபியனில் 11 தப்பியது, 12 மாட்டியது. "புதிய பதிப்பே பாதுகாப்பானது" என்று பழகியிருந்தவர்களுக்கு இது குழப்பமாக இருந்தது. ஆனால் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் எப்படி வேலை செய்கின்றன, நிறுவனங்கள் ஏன் அவற்றை விட்டு நகர மறுக்கின்றன, பழைய பதிப்புக்குள் புதிய திருத்தத்தைக் கொண்டுவரும் 'பேக்போர்ட்' என்ற வேலை எங்கே வெல்கிறது, எங்கே தவறுகிறது என்ற மூன்றையும் இந்த ஒரே பிழையின் வரலாற்றில் பார்த்துவிடலாம். அந்த வரலாறு 2006-இல் தொடங்குகிறது.

பிழை என்ன?

ஓப்பன்எஸ்எஸ்எச்சின் சர்வர் பகுதிக்கு `sshd` என்று பெயர். ஒருவர் இணைப்பை ஏற்படுத்திவிட்டு லாகின் செய்யாமல் இருந்தால் `sshd` எவ்வளவு நேரம் பொறுத்திருக்கும் என்பதை `LoginGraceTime` என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. இயல்பாக அது 120 வினாடிகள். நேரம் முடிந்ததும் இயங்குதளம் `sshd`-க்கு ஓர் அலாரம் சிக்னல் அனுப்பும். சிக்னல் வந்தால் நிரல் எந்த வேலையில் இருந்தாலும் அதைப் பாதியில் நிறுத்திவிட்டு, சிக்னலைக் கவனிக்க எழுதப்பட்ட தனிச் செயற்கூறுக்குத் தாவும்.

ஆபத்து அந்தப் 'பாதியில்'தான் இருக்கிறது. சிக்னல் வரும் கணத்தில் `sshd` மெமரியை ஒதுக்கிக்கொண்டிருக்கலாம். மெமரியின் கணக்குப் புத்தகத்தில் பாதி வரி எழுதப்பட்டு, மீதி எழுதப்படாத நிலை அது. இப்போது சிக்னலைக் கவனிக்கும் செயற்கூறு, "இந்த முகவரியிலிருந்து வந்தவர் நேரத்துக்குள் லாகின் செய்யவில்லை" என்று ஒரு லாக் வரியை எழுத முயல்கிறது. லினக்ஸில் அதற்காக அழைக்கப்படும் `syslog` தன் வேலைக்குத் தானும் மெமரி கேட்கும். பாதி எழுதிய கணக்கின்மேல் இன்னொரு கணக்கு எழுதப்படுகிறது. பெரும்பாலும் அந்தச் செயல்முறை செயலிழந்து விழும், அவ்வளவுதான். நேரத்தைத் துல்லியமாகக் கணித்துத் திரும்பத் திரும்ப முயல்பவருக்கோ அதுவே உள்ளே நுழையும் வழி.

குவாலிஸ் ஆய்வாளர்கள் 32 பிட் டெபியன் 12-இல் இதைச் செய்து காட்டினார்கள். சராசரியாக 10,000 முயற்சிகள் தேவைப்பட்டன. சர்வர் அனுமதிக்கும் உச்ச அளவில் இணைப்புகளைத் தொடர்ந்து அனுப்பினால் 6 முதல் 8 மணி நேரத்தில் முழு அதிகாரம் கைக்கு வந்தது.

இதே குறைபாட்டை மார்க் டவுட் என்ற ஆய்வாளர் 2006-இலேயே கண்டுபிடித்திருந்தார். CVE-2006-5051 என்ற எண்ணோடு அது பதிவானது. அந்த ஆண்டு வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 4.4p1 அதைச் சரிசெய்தது. திருத்தம் எளிமையானது: சிக்னல் நேரத்தில் லாக் எழுதுவது பாதுகாப்பான இயங்குதளங்களில் மட்டும் அந்த லாக் வரிகள் நிரலில் சேரும்படி `#ifdef DO_LOG_SAFE_IN_SIGHAND` என்ற ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது. மற்ற இயங்குதளங்களில் `sshd` எதையும் எழுதாமல் வெளியேறிவிடும்.

பதினான்கு ஆண்டுகள் அந்த வரி காவல் காத்தது. 2020 அக்டோபரில் ஓப்பன்எஸ்எஸ்எச் குழு லாக் எழுதும் பகுதி முழுவதையும் புதுப்பித்து எழுதியது. அந்தச் சீரமைப்பில் நிபந்தனை வரி தவறுதலாக விடுபட்டுப்போனது. 2021 மார்ச்சில் வெளியான 8.5p1 முதல் பழைய பிழை மீண்டும் உயிர்பெற்றது. ஆர்எச்இஎல் 7-இல் இருந்தது 7.4p1, ஆர்எச்இஎல் 8-இல் 8.0p1, உபுண்டு 20.04-இல் 8.2p1, டெபியன் 11-இல் 8.4p1. நான்குமே 8.5-க்கு முந்தியவை. பாதிக்கப்பட்ட ஆர்எச்இஎல் 9-இல் 8.7p1, உபுண்டு 22.04-இல் 8.9p1, டெபியன் 12-இல் 9.2p1. பழையவை தப்பியதில் அதிர்ஷ்டம் எதுவும் இல்லை. பிழையைக் கொண்டுவந்த மாற்றம் அவற்றை வந்தடையவே இல்லை.

புதியதற்கு ஏன் போவதில்லை?

ஓப்பன்எஸ்எஸ்எச் குழு பழைய பதிப்புகளைப் பராமரிப்பதில்லை. ஏறக்குறைய ஆண்டுக்கு இருமுறை புதிய பதிப்பு வரும். திருத்தம் வேண்டுமானால் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஜூலை 1 அன்றே திருத்தத்தோடு 9.8p1 வந்துவிட்டது. அப்படியிருக்க, 8.9-இல் இருக்கும் ஒரு நிறுவனம் 9.8-க்குத் தாவிவிட்டால் வேலை முடிந்ததுதானே?

சில நூறு சர்வர்கள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தை எண்ணிப் பார்ப்போம். 9.8-இல் `sshd` இரண்டு நிரல்களாகப் பிரிக்கப்பட்டது. இணைப்புக்காகக் காத்திருப்பது ஒன்று, ஒவ்வொரு இணைப்பையும் கவனிப்பது `sshd-session` என்ற இன்னொன்று. இதனால் பல லாக் வரிகள் `sshd` என்ற பெயருக்குப் பதிலாக `sshd-session` என்ற பெயரில் எழுதப்படலாயின. கடவுச்சொல்லைத் தவறாக அடித்து அடித்துப் பார்ப்பவர்களின் முகவரியைத் தடுக்கும் ஃபெயில்2பேன் போன்ற கருவிகள் லாக்கில் `sshd` என்ற பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தன. பெயர் மாறியதை அறியாத கருவி பிழைச்செய்தி எதுவும் காட்டாது. யாரையும் தடுக்காமல் ஓடிக்கொண்டிருக்கும். பாதுகாப்புக்காகச் செய்த மேம்படுத்தல் இன்னொரு பாதுகாப்பைச் சத்தமில்லாமல் அணைத்துவிடும்.

இது 9.8 ஒன்றின் கதை. 8.9-இலிருந்து தாவும்போது நடுவில் உள்ள பதிப்புகளின் மாற்றங்களும் சேர்ந்தே வரும். 2022 ஏப்ரலில் வந்த 9.0 முதல் `scp` கட்டளை உள்ளுக்குள் வேறு நெறிமுறைக்கு மாறியது. தொலைவில் உள்ள கோப்பின் பெயரில் இடைவெளியோ நட்சத்திரக் குறியோ இருந்தால் பழைய `scp`-க்கு இரண்டு அடுக்கு மேற்கோள் குறி போட வேண்டியிருந்தது. புதியதற்கு அது தேவையில்லை, போட்டால் கோப்பு கிடைக்காது. இரவு நேரக் காப்புப் பிரதிக்காக யாரோ பல ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த ஸ்கிரிப்ட் அங்கே நின்றுபோகலாம். இன்னும் பழைய பதிப்பில் இருப்பவர் 8.8-இன் மாற்றத்தையும் சந்திக்க வேண்டும். 2021-இல் வந்த அந்தப் பதிப்பு, வலுவிழந்த எஸ்எச்ஏ-1 அடிப்படையிலான ஆர்எஸ்ஏ கையொப்பத்தை இயல்பாக ஏற்பதை நிறுத்தியது. அதன்பின் பழைய நெட்வொர்க் சுவிட்சுகளோடு இணைய முயன்ற நிர்வாகிகள் பலர் திரையில் கண்டது இதுதான்:

```
no matching host key type found. Their offer: ssh-rsa
```

இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு. ஆனால் அவை வரும் நாளைத் தீர்மானிக்கும் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொள்ளவே நிறுவனம் விரும்புகிறது. அவசரமான பாதுகாப்புத் திருத்தத்தை ஓரிரவில் போட்டாக வேண்டும். நடைமுறை மாற்றங்களுக்குச் சோதனையும் திட்டமிட்ட சேவை நிறுத்த நேரமும் தேவை. இரண்டும் ஒரே பொட்டலத்தில் வந்தால், சோதனை முடியும்வரை திருத்தம் காத்திருக்கும், அல்லது சோதனையே இல்லாமல் மாற்றம் உள்ளே வரும். இரண்டுமே ஏற்க முடியாதவை. நீண்டகால ஆதரவுப் பதிப்பு இந்தப் பொட்டலத்தைப் பிரித்துத் தருகிறது. திருத்தம் மட்டும் இன்றைக்கு, மற்ற மாற்றங்கள் அடுத்த பெரிய பதிப்புக்குப் போகும்போது.

ஒப்பந்தக் காரணமும் இருக்கிறது. எஸ்ஏபி, ஆரக்கிள் போன்ற நிறுவனங்கள் தங்கள் வணிக மென்பொருளையும் தரவுத்தளங்களையும் குறிப்பிட்ட இயங்குதளப் பதிப்புகளுக்கே சான்றளிக்கின்றன. சான்று இல்லாத பதிப்பில் ஓடும்போது சிக்கல் வந்தால், விற்பவர் உதவி மறுக்கலாம். சான்று பெற்ற இயங்குதளத்தை, அதில் ஓடும் சின்ன நிரல்களின் பதிப்புகளை மாற்றாமல் வைத்திருப்பதே பாதுகாப்பான வழி.

இந்தத் தேவையைத்தான் விநியோகஸ்தர்கள் விற்கிறார்கள், அல்லது இலவசமாக நிறைவேற்றுகிறார்கள். ரெட் ஹாட் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் பத்தாண்டுப் பராமரிப்பு தருகிறது. உபுண்டு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் எல்டிஎஸ் பதிப்பை வெளியிட்டு, ஐந்து ஆண்டுகளுக்குப் பொதுவான ஆதரவும், புரோ சந்தாவில் பத்தாண்டு ஆதரவும் தருகிறது. டெபியன் தன் நிலைப் பதிப்பை மூன்று ஆண்டுகளும், தனியான எல்டிஎஸ் குழுவின் உழைப்பால் மேலும் இரண்டு ஆண்டுகளும் காக்கிறது.

திருத்தத்தைப் பின்னோக்கிக் கொண்டுவருதல்

இந்த விநியோகங்களின் பாதுகாப்புக் குழுக்கள் முன் இருந்த முதல் கேள்வி: பிழை நம் பதிப்பில் இருக்கிறதா? பதிப்பெண்ணை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பிழையைக் கொண்டுவந்த மாற்றம் எது என்று மூலநிரலின் வரலாற்றில் தேடி, அது தங்கள் நிரலில் இருக்கிறதா என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். பார்த்ததில் உபுண்டு 20.04-க்கும் டெபியன் 11-க்கும் வேலையே இல்லை என்று தெரிந்தது.

இரண்டாவது கேள்வி: 9.8-இன் திருத்தத்தை அப்படியே எடுத்து 8.9-இல் ஒட்டலாமா? முடியாது. 9.8-இல் இந்தப் பிழைக்கான தீர்வு தனி மாற்றமாக வரவில்லை. தொல்லை தரும் இணைப்புகளின் முகவரிக்குத் தண்டனை நேரம் விதிக்கும் ஒரு புதிய வசதியின் பகுதியாக அது வந்தது. லாக் எழுதும் வேலை சிக்னல் நேரத்திலிருந்து எடுக்கப்பட்டு, காத்திருக்கும் தாய் நிரலிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த வசதியோ `sshd`-ஐ இரண்டாகப் பிரித்த இன்னும் பெரிய மாற்றத்தின்மேல் நிற்கிறது. திருத்தத்தை இழுத்தால் வசதியும் வரும், வசதியை இழுத்தால் பிரிப்பும் வரும். கடைசியில் 8.9 என்ற பெயரில் 9.8-ஐயே கொடுப்பதாகிவிடும்.

குவாலிஸ் தன் அறிக்கையிலேயே இதை முன்கூட்டிச் சொல்லி, ஒரு மாற்று வழியையும் காட்டியது. சிக்னல் நேரத்தில் லாக் எழுதும் வரிகளை நிரலிலிருந்து விலக்கிவிட்டால் போதும்:

```
sshsigdie(const char *file, const char *func, int line, int showfunc,
    LogLevel level, const char *suffix, const char *fmt, ...)
{
#if 0
	va_list args;

	va_start(args, fmt);
	sshlogv(file, func, line, showfunc, SYSLOG_LEVEL_FATAL,
	    suffix, fmt, args);
	va_end(args);
#endif
	_exit(1);
}
```

சேர்ந்தவை இரண்டே வரிகள்: `#if 0`, `#endif`. நடுவில் உள்ளவை நிரலில் சேராது. 2020-இல் விடுபட்ட காவல் வரி வேறு வடிவில் திரும்பிவந்துவிட்டது. உபுண்டு 22.04-உம் டெபியன் 12-உம் இந்த வழியையே எடுத்தன. நல்ல பேக்போர்ட்டின் இலக்கணமும் இதுதான். மூலத் திருத்தத்தை நகலெடுப்பதை அது பொருட்படுத்துவதில்லை. பிழையின் வேர் எது என்று புரிந்துகொண்டு, பழைய நிரலில் மிகக் குறைந்த மாற்றத்தோடு அந்த வேரை அறுக்கிறது. மாற்றம் சிறிதாக இருந்தால் சரிபார்ப்பது எளிது, வேறு எதையும் உடைக்கும் வாய்ப்பும் குறைவு.

ஆனால் இந்த இரண்டு வரிகளுக்கும் ஒரு விலை இருந்தது. விலக்கப்பட்ட லாக் வரி `Timeout before authentication` என்ற செய்தி. இந்தப் பிழையைப் பயன்படுத்தி யாராவது தாக்க முயன்றால் அந்தச் செய்திதான் லாக்கில் நூற்றுக்கணக்கில் குவியும். தாக்குதலை அடையாளம் காண அதைத் தேடும்படி குவாலிஸே சொல்லியிருந்தது. குறுகிய திருத்தத்தைப் போட்ட சர்வரில் கதவு அடைபட்டது. கதவைத் தட்டுகிறவர்களைப் பற்றிய குறிப்பும் நின்றுபோனது. 9.8-க்குப் போனவருக்கு அந்தச் செய்தி தாய் நிரலின் வழியாகத் தொடர்ந்து கிடைக்கிறது. அதோடு, தொல்லை தரும் முகவரியைச் சர்வரே ஒதுக்கிவைக்கும் புதிய வசதியும் கிடைக்கிறது. எல்டிஎஸ் பயனருக்கு அன்று கிடைத்தது பிழைத்திருத்தம் மட்டுமே. கூடுதல் காப்புகளுக்கு அவர் அடுத்த பெரிய பதிப்பு வரை காத்திருக்க வேண்டும்.

எண்ணைப் படிக்கும் முறை

திருத்தம் வந்த பிறகும் உபுண்டு 22.04-இல் ஓப்பன்எஸ்எஸ்எச் 8.9p1-ஆகவே இருந்தது. ஆர்எச்இஎல் 9-இல் 8.7p1-ஆகவே இருந்தது. பெயரளவில் இரண்டுமே ஆபத்தான பதிப்புகளின் பட்டியலில் உள்ளவை. மாற்றம் தெரிவது பொதியின் முழு எண்ணில்தான்.

உபுண்டுவின் திருத்தப்பட்ட பொதி `1:8.9p1-3ubuntu0.10`. தொடக்கத்தில் உள்ள `1:` எண்முறை மாறும்போது ஒப்பிடுவதற்காகச் சேர்க்கும் அடையாளம். அடுத்து `8.9p1`, மூலக் குழுவின் பதிப்பு. கோட்டுக்குப் பின் வரும் `3`, டெபியன் செய்த மூன்றாவது பொதியமைப்பு. `ubuntu0.10` என்பது அதன்மேல் உபுண்டு செய்த மாற்றங்களின் எண். இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 0.10 என்பதைத் தசம எண்ணாகப் படித்தால் 0.9-ஐவிடச் சிறியதாகத் தோன்றும். பொதிகளின் கணக்கில் அது ஒன்பதுக்கு அடுத்த பத்து. டெபியன் 12-இன் திருத்தம் `1:9.2p1-2+deb12u3`, ஆர்எச்இஎல் 9-இன் திருத்தம் `8.7p1-38.el9_4.1`. படிக்கும் முறை ஒன்றே: நடுவில் உள்ள பெரிய எண் அசையாது, வால் வளரும்.

வாலைப் படிக்காத பாதுகாப்புச் சோதனைக் கருவிகள் இங்கேதான் பொய் எச்சரிக்கை தருகின்றன. வெளியிலிருந்து இணையும் ஒருவரிடம் அன்றைய ஆர்எச்இஎல் 9 சர்வர் தன்னை `SSH-2.0-OpenSSH_8.7` என்று மட்டுமே அறிமுகப்படுத்திக்கொண்டது. திருத்தம் போட்டதா இல்லையா என்று அந்த வரியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. உபுண்டு தன் அறிமுகத்தில் வாலையும் சேர்த்துச் சொல்லும், எனவே அங்கே ஓரளவு தெரியும். எப்படியிருந்தாலும் நம்பகமான பதில் சர்வருக்குள்ளேயே இருக்கிறது. ரெட் ஹாட் குடும்பத்தில் இப்படிக் கேட்கலாம்:

```
rpm -q --changelog openssh-server | grep CVE-2024-6387
```

உபுண்டுவில், டெபியனில்:

```
dpkg-query -W openssh-server
apt changelog openssh-server | grep CVE-2024-6387
```

முதல் கட்டளை நிறுவிய பொதியின் முழு எண்ணைக் காட்டும். இரண்டாவது, விநியோகஸ்தர் வெளியிட்ட மாற்றக் குறிப்பில் அந்தப் பிழையின் எண்ணைத் தேடும். குறிப்பில் எண் இருந்து, நிறுவியிருப்பது அந்தப் பொதியாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருந்தால் திருத்தம் வந்துவிட்டது. குறிப்பில் எண் இல்லை என்பதால் மட்டும் ஆபத்து என்று முடிவுகட்டக் கூடாது. பிழையே இல்லாத 20.04-க்கு அந்தக் குறிப்பு தேவைப்படவில்லை. அந்த வேறுபாட்டை அறிய விநியோகஸ்தரின் பாதுகாப்பு அறிவிப்பைப் பார்க்க வேண்டும்.

பொய் எச்சரிக்கையைவிடப் பெரிய தீங்கு, அதைக் கண்டு பதறிச் செய்யும் காரியம். தணிக்கையாளரின் சிவப்பு வரியை அகற்றுவதற்காக 9.8p1-இன் மூலநிரலைத் தரவிறக்கித் தானே கம்பைல் செய்து போடும் நிர்வாகிகள் உண்டு. அறிக்கை அன்றைக்குப் பச்சையாகிவிடும். ஆனால் அந்த நாள் முதல் அந்த `sshd` விநியோகஸ்தரின் புதுப்பித்தல் வளையத்துக்கு வெளியே போய்விடுகிறது. அடுத்த பிழை வரும்போது `apt`-உம் `dnf`-உம் அதைத் தொடாது. அதைக் கவனிக்க வேண்டியவர் அதைப் போட்டவர் மட்டுமே, அவர் வேறு வேலைக்குப் போயிருக்கலாம்.

பேக்போர்ட் தவறும் இடம்

இதுவரை சொன்னதில் நீண்டகால ஆதரவின் நியாயம் தெரிகிறது. அதன் பலவீனத்தையும் இதே பிழையின் வரலாறு காட்டியிருக்கிறது, ஒருமுறையல்ல, இருமுறை.

2006-இல் 4.4p1-இல் வந்த திருத்தத்தை டெபியன் தன் எட்ச் பதிப்பில் இருந்த 4.3p2-க்கு பேக்போர்ட் செய்தது. அந்த பேக்போர்ட் தவறாக இருந்தது. சிக்னல் நேரத்தில் பாதுகாப்பற்ற செயற்கூறுகளை அழைப்பது நிற்கவில்லை. 2008 வரை இது வெளிப்படவில்லை. வெளிப்பட்ட விதமும் கவனிக்கத்தக்கது. சர்வர்களில் முடிந்தும் முடியாத `sshd` செயல்முறைகள் குவிந்தன. போதுமான அளவு குவிந்ததும் புதிதாக யாரும் லாகின் செய்ய முடியாமல் போனது. தேடிப்போனபோது, சரியாகிவிட்டதாக நினைத்திருந்த பழைய பிழை அங்கே இருந்தது. CVE-2008-4109 என்ற புதிய எண்ணோடு டெபியன் மறுபடியும் திருத்தம் வெளியிட்டது. மூலக் குழுவின் நிரல் அந்த இரண்டு ஆண்டுகளும் சரியாகவே இருந்தது. பழைய நிரலுக்கு ஏற்றபடி திருத்தத்தைத் தழுவி எழுதிய இடத்தில்தான் பிழை புகுந்தது. தழுவி எழுதும் வேலை அந்த விநியோகத்தில் மட்டும் நடப்பதால், அதைப் பார்க்கும் கண்களும் குறைவு.

இரண்டாவது நிகழ்வு 2024 ஜூலை 8 அன்று, முதல் எச்சரிக்கைக்கு ஒரு வாரம் கழித்து வந்தது. ஓப்பன்வால் திட்டத்தின் சோலார் டிசைனர், ஆர்எச்இஎல் 9-இன் ஓப்பன்எஸ்எஸ்எச் பொதியை ஆராய்ந்தபோது இன்னொரு பிழையைக் கண்டார். ரெட் ஹாட் பல ஆண்டுகளாகத் தன் பொதியில் `openssh-7.6p1-audit.patch` என்ற சொந்த ஒட்டைச் சேர்த்துவருகிறது. தணிக்கைக் குறிப்புகளுக்கான வசதி அது. அந்த ஒட்டு, வெளியேறும்போது ஓடும் `cleanup_exit` செயற்கூறில் சில வரிகளைச் சேர்க்கிறது. மூலக் குழுவின் 8.7, 8.8 பதிப்புகளில் அதே செயற்கூறு லாகின் நேரம் முடிந்த சிக்னலின்போதும் அழைக்கப்படுகிறது. மூல நிரலில் அந்த அழைப்பு ஆபத்தில்லாமல் முடிந்துவிடும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ரெட் ஹாட்டின் வரிகளும் சேர்ந்தபோது, பாதியில் நின்ற வேலையின்மேல் இன்னொரு வேலை ஏறும் அதே நிலை உருவானது.

இதற்கு CVE-2024-6409 என்று எண் தரப்பட்டது. முதல் பிழைக்குப் போட்ட இரண்டு வரித் திருத்தம் இதைத் தடுக்காது, ஏனென்றால் இது வேறு செயற்கூறில் இருக்கிறது. இந்தப் பிழை நிகழ்வது குறைந்த அதிகாரமுள்ள துணைச் செயல்முறையில் என்பதால் பாதிப்பு முதலாவதைவிடச் சிறியது. ஆனால் ஒரு வாரம் முன்பு அவசரமாகத் திருத்தம் போட்டு மூச்சுவிட்ட ஆர்எச்இஎல் 9 நிர்வாகிகள் மறுபடியும் போட வேண்டியிருந்தது. உபுண்டு, டெபியன் பயனர்களுக்கு அந்த வேலை இல்லை.

இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், நீண்டகால ஆதரவுப் பதிப்பு பழைய மென்பொருளின் உறைந்த நகல் அன்று என்பது தெளிவாகிறது. மூலக் குழு எழுதிய 8.7p1 ஒன்று, ரெட் ஹாட்டின் 8.7p1 இன்னொன்று. ஆண்டுகள் போகப்போக, ஒட்டின்மேல் ஒட்டாக, இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன. மூலக் குழு தன் 8.7-ஐ மறந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் ரெட் ஹாட்டின் 8.7 புதிய வரிகளைப் பெற்றுவந்தது. அந்த வரிகளை நன்கு அறிந்தவர்கள் பெரும்பாலும் அந்த விநியோகத்தின் பொறியாளர்களே. எனவே நீண்டகால ஆதரவு என்ற பெயரில் நிறுவனம் வாங்குவது அந்தப் பொறியாளர்களின் தீர்ப்பைத்தான்: இந்தப் பிழை நம்மைத் தொடுகிறதா, எந்த அளவு திருத்தம் போதும், அதை எழுதியபின் எப்படிச் சோதிப்பது?

எதைக் கேட்க வேண்டும்?

பழைய பதிப்பில் இருப்பது தவறா என்ற கேள்விக்கு இந்தப் பிழை தரும் விடை: பதிப்பின் வயதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 2024 ஜூலையில் ஆர்எச்இஎல் 8-இல் இருந்தவர் பாதுகாப்பாக இருந்தார், ஏனெனில் அவர் நிரலில் பிழை இல்லை, அதைச் சரிபார்த்துச் சொல்ல ஆளும் இருந்தது. கட்டண நீட்டிப்பு வாங்காமல் சென்ட்ஓஎஸ் 7-இல் இருந்தவரின் நிரலிலும் அந்தப் பிழை இல்லைதான். ஆனால் அடுத்த பிழை அவர் நிரலில் இருந்தால் அதைத் திருத்தித் தர ஆள் இல்லை. இருவரும் ஒரே அளவு பழைய மென்பொருளில் இருப்பதாக மேலோட்டமாகத் தோன்றலாம். இடையில் இருக்கும் வேறுபாடு பராமரிப்பாளர் ஒருவர் இருக்கிறாரா என்பது.

ஆகவே ஒரு நிறுவனத்தில் பழைய பதிப்பில் தங்குவதென்று முடிவெடுப்பவர்கள் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வைத்திருக்க வேண்டும். இந்தப் பதிப்புக்கான ஆதரவு எந்தத் தேதியில் முடிகிறது? நாம் பயன்படுத்தும் ஒவ்வொரு பொதியும் அந்த ஆதரவுக்குள் வருகிறதா? உபுண்டுவின் பொதுவான ஐந்தாண்டு ஆதரவு 'மெயின்' தொகுப்புக்குத்தான் பொருந்தும், 'யூனிவர்ஸ்' தொகுப்புக்கு புரோ சந்தா வேண்டும். விநியோகஸ்தரின் பாதுகாப்பு அறிவிப்புகளை நம்மிடம் யார் படிக்கிறார்கள், ஜூலை 1-க்குப் பின் ஜூலை 8 வந்ததுபோல இரண்டாவது அறிவிப்பு வந்தால் அது யார் கண்ணில் படும்? கடைசியாக, அடுத்த பெரிய பதிப்புக்கான சோதனையை எப்போது தொடங்கப்போகிறோம்? எல்டிஎஸ் அந்தச் சோதனையைத் தள்ளிப்போட அவகாசம் தருகிறதே தவிர, அதை ரத்து செய்வதில்லை. ஒத்திவைத்த மாற்றங்கள் அத்தனையும், `sshd-session` என்ற புதிய பெயர் உட்பட, அன்றைக்கு மொத்தமாக வந்து நிற்கும்.

இந்த நான்குக்கும் பதில் இருந்தால், பழைய பதிப்பெண்ணைக் கண்டு யாரும் பதற வேண்டியதில்லை. ஒன்றுக்கேனும் பதில் இல்லையென்றால், எண் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அந்தச் சர்வர் பராமரிப்பில் இல்லை என்றே கொள்ள வேண்டும்.